ஓய்வுபெற்றவரின் ஒரு நாள்: நான்கு நினைவூட்டல்களை எங்கே கட்டுவது?

அப்பா அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் பணியிலிருந்து 60 வயதில் ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம், அவருடைய கைப்பேசியில் நான் பதினொரு அலாரங்களை வைத்துக் கொடுத்தேன். எழுவதற்கு ஒன்று, தண்ணீர் குடிக்க மூன்று, நடைக்கு இரண்டு, மாத்திரைக்கு இரண்டு, மாலை வழிபாட்டுக்கு ஒன்று, யாரிடமாவது பேசுவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று. முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் எழுந்தார். இரண்டாம் வாரத்தில் ஒலி கேட்டவுடன் கை தானாகப் போய் அதை நிறுத்தியது. எதற்காக அடித்தது என்று கேட்டால், பார்க்கவில்லை என்றார். மூன்றாம் வாரத்தில் அந்தக் கூட்டத்தோடு மாத்திரை அலாரமும் காதில் விழாமல் போய், ஒருநாள் இரவு இரத்த அழுத்த மாத்திரை தவறிவிட்டது. மறுநாள் எல்லா அலாரங்களையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். ஓய்வுபெற்ற பெற்றோருக்கோ தமக்கோ ஒரு தினசரி ஒழுங்கை அமைக்க நினைப்பவர்களுக்கு, இரண்டாம் முறை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

அட்டவணை போடுவதற்கு முன்னால், இப்போதைய நாள் எப்படி ஓடுகிறது என்பதை ஏழு நாள் எழுத வேண்டும். நல்ல பழக்கம் எது, கெட்ட பழக்கம் எது என்று பார்க்க வேண்டியதில்லை. யாரும் சொல்லாமலே நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பவை எவை என்பதை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். தஞ்சாவூர் மேல வீதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஐந்து கிடைத்தன: காலை ஆறு மணிக் காப்பி, எட்டரை மணிச் சிற்றுண்டி, பத்து மணிக்குச் செய்தித்தாளை மடித்து வைப்பது, ஒரு மணிச் சாப்பாடு, மாலையில் அம்மா விளக்கேற்றுவது. இந்த ஐந்துக்கும் அலாரம் தேவைப்பட்டதே இல்லை. நடை, வழிபாடு, பேச்சு, படிப்பு ஆகிய நான்கையும் கடிகார மணியில் தொங்கவிடாமல் இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டினால், அலாரம் ஒருநாள் அடிக்காமல் போனாலும் வேலை நின்றுபோகாது. காப்பித் தம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவது என்பது உடம்பில் ஏறிவிடும். 6:15 என்ற எண் அப்படி ஏறாது.

இந்த வாரத்திலேயே வீட்டில் இருக்கும் மற்றவரிடமும் கேட்டாக வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அம்மாவின் கையில் இருந்த வீட்டுக்குள் இப்போது இன்னொருவர் முழு நேரமும் இருக்கிறார். அவரைக் கேட்காமல் நாங்கள் போட்ட முதல் அட்டவணையில், அப்பாவின் படிப்பு நேரமும் கூடத்தில் அம்மா காய் நறுக்கிக்கொண்டே வானொலி கேட்கும் நேரமும் ஒன்றாக வந்தன. இருவரும் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு படிப்பு நின்றது. ஓய்வுபெற்றவர் பெண்ணாக இருந்தால் கேள்வி வேறு விதமானது. அலுவலகம் விட்டாலும் அடுப்படி விடுவதில்லை என்பதால், எந்த ஒரு வேலையை யார் கையில் மாற்றிக் கொடுப்பது என்பதை முதலில் பேசி முடித்த பிறகே அவருக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும்.

நடை

காலைக் காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் நடையை வைத்தோம். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு முப்பது நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் முதல் நாளே முப்பது நிமிடத்தில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது என்று போனால் ஐந்தாம் வாரத்தில் முப்பதை எட்டலாம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாடும் அளவுக்கு மூச்சு மிச்சமிருக்கக் கூடாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம் என்று பொருள்.

அலாரம் அடித்ததும் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்பதுதான் இந்த வயதில் விழுவதற்கு வழி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கித் தலை சுற்றக்கூடும். ஆகவே கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நடையில் நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். உடனே மருத்துவரையும் பார்க்க வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

நடை அலாரத்தை ஒருமுறை வைத்துவிட்டு ஆண்டு முழுவதும் மறந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. எங்கள் ஊரில் ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியில் ஆறரை ஆகிவிடும். மே மாதம் 5:45-க்கு வெளிச்சமாக இருந்த தெரு, தை மாதத்தில் அதே நேரத்துக்கு இருட்டாக இருக்கும். அந்த இருட்டில், தெருநாய்களுக்கும் தோண்டிப் போட்ட சாலைக்கும் நடுவில் நடக்கச் சொன்னால் எவரும் இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். சித்திரை பிறந்ததும் நேரத்தை முன்னே தள்ளி, ஐப்பசியில் பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாளில், திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை வீட்டுக்குள்ளேயே நடப்பது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். மழையன்று காலையில் யோசித்தால், இன்று வேண்டாம் என்பதுதான் விடையாக வரும்.

வழிபாடு

நான்கில் இதற்குத்தான் அலாரம் மிகக் குறைவாகத் தேவைப்படும். பல வீடுகளில் வழிபாடே மற்றவற்றைக் கட்டும் கம்பமாகவும் இருக்கும். ஐவேளைத் தொழுகை உள்ளவர்களின் நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. வைகறைத் தொழுகையான ஃபஜ்ர் முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியைச் சற்று நீட்டினால் அதுவே நடையாகிவிடும். தொழுகை நேரங்கள் சூரியனோடு நாளுக்கு நாள் நகர்வதால், மாறாத மணியில் வைத்த நடை அலாரம் சில வாரங்களில் தொழுகையோடு மோதும். எனவே நேரம் குறிக்காமல் ‘ஃபஜ்ருக்குப் பின்’ என்று வைத்துக்கொள்வதே பொருந்தும். அப்பாவுக்கு மாலை விளக்கேற்றியதும் இருபது நிமிடம் தேவாரம் படிப்பது பழைய வழக்கம். முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார முடியாமல் அதை மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தார். எங்களிடம் சொல்லவும் இல்லை. நினைவு தவறியதாக நினைத்து நான் அலாரம் வைத்தேன்; வேண்டியிருந்தது பூசை அலமாரிக்கு எதிரே ஒரு நாற்காலி. ஒரு பழக்கம் நின்றுபோயிருந்தால், நினைவூட்டல் வைப்பதற்கு முன்னால் உடம்பில் என்ன தடை என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒருவரோடு பேச்சு

‘யாரிடமாவது பேசவும்’ என்று எழுதிய நினைவூட்டல் ஒருநாளும் வேலை செய்யாது. யாரிடம் என்று யோசிக்கும் வேலையை அது அந்த நேரத்தில் நம் தலையில் கட்டிவிடுகிறது. யோசித்து முடிப்பதற்குள் ஆள் நாளிதழைக் கையில் எடுத்துவிடுவார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிழமைக்கு ஒருவராக எழுத வேண்டும். அப்பாவின் பட்டியலில் திங்களுக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர், செவ்வாய்க்கு அத்தை, புதனுக்குச் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, வியாழனுக்குப் பள்ளித் தோழர் ஒருவர், வெள்ளிக்குச் சித்தப்பா என்று இருந்தது. சனிக்கிழமை தொலைபேசி கிடையாது, யாராவது ஒருவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும்.

நேரத்தை நம் வசதியைப் பார்த்து வைக்காமல், எதிர்முனையில் இருப்பவரின் வசதியைக் கேட்டு வைக்க வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே மாலை ஏழு மணிக்கு அழைத்தால் தங்கைக்கு இரவு ஒன்பதரை. குழந்தைகள் தூங்கியிருக்கும், நிதானமாகப் பேசலாம். அத்தையிடம் இரவு ஏழு முதல் ஒன்பது வரை தொடர் ஓடுவதால் பகல் பதினொன்றுதான் சரி. எடுக்கவில்லை என்றால் மீண்டும் மீண்டும் அழைக்காமல், அந்த நாளுக்கு என்று இரண்டாவதாக ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு இரண்டு நிமிடத்தில், “சாப்டாச்சா? சரி, வைக்கட்டுமா?” என்று முடிந்துவிடுவது அடுத்த சிக்கல். அப்பா ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். அத்தையின் பக்கத்தில் ‘கண் அறுவைக்குத் தேதி கேட்டிருக்கிறாள், பேரனுக்குத் தேர்வு’ என்று ஒரு வரி. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வரியிலிருந்து பேச்சு தொடங்கும். “கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்களா?” என்று அப்பா கேட்ட அன்று அத்தை முக்கால் மணி நேரம் பேசினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: பேசுவதை ஒருவர் தொடர்ந்து தவிர்த்து வந்தால், அது மனம் சார்ந்தது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். காது மந்தமாகி, எதிர்முனையில் சொல்வது புரியாமல் ‘ம்ம்’ கொட்டிச் சமாளிப்பவர்கள் நிறையப் பேர். தொலைக்காட்சியின் ஒலி முன்னைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்து, ஐயமிருந்தால் காது மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

புதிதாக ஒன்று கற்பது

இந்த நான்கில் முதலில் விழுவது இதுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் நேரத் தேர்வு. அப்பாவுக்கு நாங்கள் பிற்பகல் இரண்டரை மணியைக் கொடுத்திருந்தோம். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம். கண் சொக்கும் நேரம். செய்தித்தாளை மடித்து வைக்கும் பத்து மணிக்கு மாற்றிய பிறகே அது நிலைத்தது. மூக்குக்கண்ணாடி ஏற்கெனவே மூக்கில் இருக்கிறது, மேசையில் வெளிச்சம் இருக்கிறது, எழுந்து போக வேண்டியதில்லை.

என்ன கற்பது என்பதில், வீட்டுக்குப் பக்கத்திலேயே பயன்படுத்திப் பார்க்கக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். அப்பா சோழர் காலக் கல்வெட்டு எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். 1010-இல் முடிந்த பெரிய கோயில் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது, அதன் விமானத்து அடிப்பகுதி முழுவதும் எழுத்து. ஒரு நாளுக்கு ஐந்து எழுத்து, அரை மணி நேரம். இன்றைய எழுத்தை ஒரு பத்தியிலும் பழைய எழுத்தை எதிர்ப் பத்தியிலும் பென்சிலால் எழுதிக்கொள்வார். மறுநாள் நோட்டை மூடிவிட்டு நேற்றைய ஐந்தையும் பார்க்காமல் எழுத வேண்டும். மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. காணொளி பார்த்துக்கொண்டே தலையாட்டினால் கற்றது போலத் தோன்றும், ஆனால் தாளை மூடினால் கை ஓடாது. ஆகவே எதைக் கற்றாலும், மூடிவிட்டுச் செய்து பார்க்கும் ஐந்து நிமிடத்தை விடக் கூடாது.

முதல் மாதத்தில் அவரைத் திணற வைத்தவை இரண்டு. அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ‘க’ என்றும் ‘க்’ என்றும் படிக்க இடமிருக்கும் எழுத்தைச் சொல்லை வைத்தே முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் ‘ர’வும் ஒரே வடிவில் இருக்கும். முகப்பு மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ கிரந்த எழுத்தில் இருப்பதால் அதை ஒரு படமாகவே மனப்பாடம் செய்துகொண்டார். ஆறாவது வாரம், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, ‘அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்ற தொடரை விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். கல்லில் கைபடாமல் பார்ப்பது நல்லது. சுண்ணாம்போ மையோ தடவவே கூடாது. உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகித் தெரியாது என்பதால், கோயிலுக்குப் போகும் நாள்களில் நடையும் படிப்பும் ஒன்றாகிவிட்டன.

கைப்பேசியில் வைப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள கடிகாரச் செயலியே போதும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. வெளியிலிருந்து நிறுவும் நினைவூட்டல் செயலிகளைப் பல கைப்பேசிகள் மின்கலனை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணியில் நிறுத்திவிடுவதால், அவை சில நாள் ஒலிக்காமல் போகும். மாத்திரை அலாரத்துக்கு மற்ற எதற்கும் இல்லாத ஓர் ஒலியைக் கொடுத்துத் தனியாக வையுங்கள். நடைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என மூன்று போதும். வழிபாட்டுக்கு விளக்கே நினைவூட்டல். ஒவ்வொன்றையும் அது கட்டப்பட்டிருக்கும் அன்றாட வேலைக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வைத்து, எந்தெந்தக் கிழமை என்பதைத் தொட்டுத் தேர்ந்தெடுங்கள். `Label` என்ற இடத்தில் ‘படிப்பு’ என்று பொதுவாக எழுதாமல் ‘நேற்றைய ஐந்து எழுத்தை எழுதிப் பார்’ என்று செய்ய வேண்டிய முதல் அசைவை எழுதுங்கள்.

கூகுளின் கடிகாரச் செயலியில் அமைப்புகளுக்குள் `Snooze length` என்று ஒன்று இருக்கும். தள்ளிவைத்தால் எத்தனை நிமிடம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும் என்பது அது. பிற நிறுவனக் கைப்பேசிகளில் பெயரும் இடமும் சற்று மாறலாம். அழைப்பு மணியின் ஒலியளவும் அலாரத்தின் ஒலியளவும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றைக் கூட்டிவிட்டு மற்றதைச் சோதிக்காமல் விட்டால், அலாரம் அடித்தும் கேட்காது. இரவில் கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காமல், செருப்பு இருக்கும் வாசல் பக்கத்தில் மின்னேற்றுவதற்குப் போட்டுவிடுங்கள். நடை அலாரத்தை நிறுத்தப் போகிறவர் செருப்புக்கு முன்னால்தான் நிற்பார். ஒலி அங்கிருந்து காதில் விழுகிறதா என்பதை மட்டும் பகலிலேயே ஒருமுறை அடிக்கவிட்டுப் பாருங்கள். இரவில் அவசர அழைப்புக்குக் கைப்பேசி பக்கத்தில் வேண்டும் என்று இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பால் கணக்குப் போல ஒரு கணக்கு

அடுப்படியில் தொங்கும் மாத நாள்காட்டியில் அம்மா பால் பாக்கெட் எண்ணிக்கையைக் குறிப்பார். அதே கட்டத்தில் ந, வ, பே, ப என்று நான்கு எழுத்தைக் குறிக்கத் தொடங்கினோம்: நடை, வழிபாடு, பேச்சு, படிப்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எந்த எழுத்து எந்தக் கிழமையில் காணாமல் போகிறது என்பது கண்ணில் படும். எங்களுடையதில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ‘பே’ இல்லை. காரணம் எளிது, வெள்ளி மாலை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவது அப்பாதான், திரும்பி வர எட்டு மணி ஆகும். சித்தப்பாவை வெள்ளியிலிருந்து ஞாயிறு காலைக்கு மாற்றினோம், கட்டம் நிரம்பிவிட்டது. ஓர் எழுத்து எல்லாக் கிழமையிலும் விடுபட்டால் நேரமோ பொருளோ பொருந்தவில்லை. ஒரே கிழமையில் விடுபட்டால் வேறொரு வேலை குறுக்கே வருகிறது. நான்கும் ஒரே வாரத்தில் சேர்ந்து விடுபட்டு, சாப்பாடும் தூக்கமும் குறைந்து, அது இரண்டு வாரம் நீடித்தால், அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வு இந்த வயதில் அப்படியும் தென்படலாம்.

காய்ச்சலோ ஊர்ப்பயணமோ வந்தால் மாத்திரை நீங்கலாக எல்லா அலாரங்களையும் நிறுத்திவிடுங்கள்; செய்ய முடியாத நாளில் அடிக்கும் அலாரத்தை நிறுத்திப் பழகும் கை, பிறகு செய்யக்கூடிய நாளிலும் நிறுத்தும். திரும்பி வந்த முதல் மூன்று நாள் நடையில் பாதி, படிப்பில் புதிய எழுத்து எதுவும் இல்லாமல் பழையதைத் திருப்புவது என்று வைத்துக்கொண்டு, நான்காம் நாள் பழைய அளவுக்கு வரலாம். சென்ற தீபாவளிக்குப் பதினைந்து நாள் சிங்கப்பூர் போய் வந்த அப்பா இப்படித்தான் மீண்டும் தொடங்கினார். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, எங்கே விட்டோம் என்று நோட்டைப் புரட்டி, ‘ழ’வுக்கு எதிரே பென்சிலை வைத்தார்.